உரை மருந்தும் கஷாயமும்: கைக்குழந்தைக்கு ஒரு கணக்கு, மூன்று வயதுக்கு ஒரு கணக்கு

கேள்வி: "என் மகளுக்கு நாலரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள், தலைக்கு ஊற்றியதும் அத்தை உரை மருந்து உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார். போன வாரம் 'வயிறு முறுக்குது, பிள்ளை தூங்கவே மாட்டேங்குது' என்று ஜாதிக்காயை மட்டும் கூடுதலாகப் பத்து இழைப்பு இழைத்துக் கொடுத்தார். ஏழு மணி நேரம் தூங்கினாள். நடுவில் பாலுக்கு எழுப்பினேன், சப்பவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. மூத்தவனுக்கு மூன்று வயது, 13 கிலோ. சளி பிடித்தால் துளசி, கற்பூரவல்லி, ஆடாதொடை, மிளகு போட்ட கஷாயம் நாங்கள் 60 மில்லி குடிப்போம், அவனுக்குப் பாதி கொடுப்போம். பெரும்பாலும் வாந்தி எடுப்பான், 'சளி வெளியே வருது' என்பார் அத்தை. இரவில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்போம். கணவர் 'எல்லாம் இயற்கைதானே' என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. முழுக்க நிறுத்த வேண்டுமா? அளவு தெரிந்தால் போதுமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: குழந்தைகளுக்கான சித்த மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

சின்னவளுக்கு வாய்வழி மருந்து எதுவும் இப்போது வேண்டாம். மூத்தவனுக்குச் சிலது கொடுக்கலாம், ஆனால் இப்போது கொடுக்கும் அளவில் அல்ல. கற்பூரம் இருவருக்கும் கூடாது.

முதலில் அந்த ஏழு மணி நேரத் தூக்கம். நாலரை மாதப் பிள்ளை இரவில் ஐந்தாறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவது உண்டு, அதில் தவறில்லை. எழுப்பியும் சப்பாமல் இருந்ததுதான் கவலைக்குரியது. தூங்கும் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்து, ஈரத்துணியை மாற்றி, மார்பில் வைத்தால் அரைத்தூக்கத்திலாவது சப்பும். அதுவும் இல்லையென்றால் அது தூக்கமல்ல, மயக்கம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய நிலை அது. இப்போது வழக்கம்போல் பால் குடித்து, நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் பதற வேண்டாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. தூக்கம் தருவதும் அதிகமானால் நெஞ்சு படபடப்பு, வாய் உலர்தல், குழப்பம் தருவதும் இதுபோன்ற எண்ணெய்ச் சத்துகள்தான். ஒரு முழுக்காய் 5 முதல் 7 கிராம் இருக்கும். பெரியவர்களையே படுக்க வைக்க அது ஒன்று போதும். வீட்டில் பலரும் கவனிக்காதது, இதன் வேகம் உடனே தெரியாது என்பது. மூன்று மணி நேரம் கழித்தோ இன்னும் தாமதமாகவோ ஏறும், ஒரு நாள்வரை நிற்கும். 'கொடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் அழுறா' என்று இரண்டாம் முறை இழைப்பது அதனால்தான் ஆபத்து. முதல் வேளை ஏறும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

இழைப்புக் கணக்கு அளவு ஆகாது

'இத்தனை இழைப்பு' என்று எண்ணுவதால் அளவு கட்டுக்குள் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உரைகல்லை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடுக்காய் கல் போல இருக்கும், பத்துச் சுற்றுக்கு லேசாகக் கறை படியும். மாசிக்காயும் அப்படித்தான். ஜாதிக்காய் எண்ணெய்ப் பசையுள்ளது. அதே பத்துச் சுற்றில் சந்தனம் போலக் குழைந்து வரும். சோற்றுப் பானையில் அவித்து உலர்த்தியதா, பச்சையாக வாங்கி வந்ததா, கல் புதிதா, தேய்ந்ததா, உரசுபவர் கை அழுத்தமானதா என்பதையெல்லாம் பொறுத்து ஒரே பத்து இழைப்பில் இறங்கும் மருந்து பல மடங்கு மாறும். உங்கள் அத்தையின் கை வழக்கமாக எவ்வளவு இறக்கும் என்று அவருக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கலாம். தனி ஜாதிக்காய், கூடுதல் பத்து என்றானபோது அந்தப் பழக்கமும் உதவாது.

வசம்புக்கு வேறொரு சிக்கல். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர், ஆனால் அதன் எண்ணெயில் அசரோன் என்ற பொருள் உண்டு. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நம் மரபில் வசம்பைச் சுட்டுக் கரியாக்கித்தான் பயன்படுத்துவார்கள். சுடும்போது எண்ணெய் பெருமளவு போகும். ஆனால் விளக்குச் சுடரில் காட்டிய வசம்பை உடைத்துப் பாருங்கள், மேலே கறுத்து உள்ளே வெளிறிய பழுப்பாகவே இருக்கும். அந்த உட்பகுதிதான் கல்லில் இழைபடுகிறது. நாக்கில் தடவும் அளவுக்கு அதை நம்ப முடியாது. வசம்பு வளையலும் மணிகளும் அழகுக்குக் கட்டுவது வழக்கம்; நூல் அறுந்து ஒரு மணி வாய்க்குள் போனால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்.

தேன் இதைவிடக் கண்டிப்பானது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளியும் கூடாது, மருந்துக்குக் குழைக்கவும் கூடாது. தேனில் பாட்டுலினம் என்ற கிருமியின் விதை போன்ற உறைவடிவம் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அது முளைக்காது. ஒரு வயதுக்குள் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு சப்பும் வலு குறையும், அழுகை மெலியும், கழுத்து தொய்யும், இமை சரியும். சுத்தமான மலைத்தேன் என்பதால் இது இல்லாமல் போகாது, அடுப்பில் சூடாக்கினாலும் அழியாது. இத்தனை நாள் தடவியும் ஒன்றும் ஆகவில்லையே என்று அத்தை கேட்கலாம். எல்லாத் தேனிலும் கிருமி இருப்பதில்லை, அதனால்தான் பெரும்பாலான வீடுகள் தப்பித்துவிடுகின்றன. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று சின்னவளிடம் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் உரை மருந்தும் கூடாது என்பதும் அடங்கும். உரைகல், அதன் மேல் ஊற்றும் தண்ணீர், குழைக்கும் விரல் என்று மூன்று வழியில் கிருமி போகிறது. வயிறு முறுக்குது என்று கொடுத்ததே வயிற்றுப்போக்கை வரவழைப்பதும் நடக்கும்.

அத்தையிடம் 'இதெல்லாம் தப்பு' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு மருந்தைத் தாய்க்குக் கொடுத்துப் பால்வழி சேர்ப்பது அவர் அறிந்த மரபிலேயே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சாப்பிடும் ரசத்திலும் குழம்பிலும் சீரகம், பெருங்காயம், பூண்டு இருந்தால் போதும், தனி மருந்து வேண்டாம். அவர் கைக்கும் வேலை கொடுங்கள். நன்றாகக் கரியாகச் சுட்ட வசம்பைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றி, ஆறிய தோலின் மேல் பூசலாம், விரல் வாய்க்குப் போகாதபடி துணி போட்டுவிடுங்கள். தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் மெதுவாக நீவிவிடலாம். இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு அழுத்தி நீட்டினால் வாயு பிரியும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் அவர் கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா போன்ற அழற்சியை உண்டாக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலாடையில் ஊற்றுவதும் அப்படித்தான். குடல் சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டாம்.

மூன்று வயதுக்கு எவ்வளவு?

வயதுக்கேற்ப அளவைக் குறைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளையின் வயதை, வயதோடு 12 சேர்த்த எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 3-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. பெரியவருக்கு 60 மில்லி என்றால் அவனுக்கு 12 மில்லி. எடையை வைத்துச் சரிபாருங்கள்: 13 கிலோ, 65 கிலோ பெரியவரின் எடையில் அதே ஐந்தில் ஒன்று. நீங்கள் கொடுத்த 30 மில்லி அதைப் போல இரண்டரை மடங்கு. ஆறு வயதில் இதே கணக்கு மூன்றில் ஒன்று, அதாவது 20 மில்லி ஆகும். பெரியவர் அளவில் பாதி என்பது 12 வயதுக்குத்தான். வயதும் எடையும் வேறுவேறு விடை தந்தால் சிறியதை எடுங்கள். மெலிந்த பிள்ளைக்கு வயதுக் கணக்கு கூடுதலாகப் போய்விடும்.

இந்தக் கணக்கைச் சின்னவளுக்குப் போட்டால் சுமார் 2 மில்லி என்று விடை வரும். விடை வருவதாலேயே கொடுக்கலாம் என்று ஆகாது. மூன்று வயதில் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றப் பழகியிருக்கும். முதல் ஆண்டில் அந்த வேலை இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உடல் சிறியது என்பதற்காக அளவைக் குறைக்கலாம், ஆனால் வெளியேற்றும் உறுப்பு முதிராததற்கு எந்த வகுத்தலும் ஈடாகாது. ஒரு வயதுக்குக் கீழே இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

அவன் வாந்தி எடுத்ததற்கு அளவு ஒரு காரணம், ஆடாதொடை இன்னொரு காரணம். நல்ல மூலிகைதான், ஆனால் கூடினால் குமட்டும், வாந்தியும் வரும். வீட்டில் 'ஒரு பிடி இலை' என்று போடுகிறோம், பிடி யாருடையது, இலை இளசா முற்றலா என்று தெரியாது. இந்த வயதில் அதை மருத்துவர் நிறுத்துக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். வெறும் வயிற்றில் மிளகுக் காரம் மூன்றாவது காரணம். வாந்தியில் கண்ட சளி நுரையீரலிலிருந்து நேராக வந்ததல்ல. இருமி மேலே வந்ததையும் மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியதையும் பிள்ளை விழுங்கிவிடுவான், வயிற்றில் சேர்ந்திருந்த அதுதான் வெளியே வந்தது. வாந்தி எடுக்க வைத்தால் நெஞ்சு லேசாகும் என்பது சரியல்ல. வாந்தி மூச்சுக்குழலில் ஏறினால் இருக்கும் சளியோடு புதுத் தொல்லையும் சேரும்.

அவனுக்கு இப்படிச் செய்யுங்கள். கற்பூரவல்லி இலை ஒன்று, துளசி இலை ஐந்தாறு. நன்றாகக் கழுவிக் கிள்ளிப் போட்டு, 100 மில்லி தண்ணீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் பாதியாக வற்றவிட்டு வடிகட்டுங்கள். எட்டில் ஒன்றாகச் சுண்டவிட்டால் அது வேறு மருந்து, முன்பு சொன்ன 12 மில்லி அதற்குப் பொருந்தாது. ஆறியதும் 10 மில்லி, சாப்பிட்டு அரைமணி கழித்து, காலையும் மாலையும். மாலைக்குப் புதிதாகப் போடுங்கள். மூன்று நாளில் நிறுத்திவிடுங்கள். அதற்குள் குறையவில்லை என்றால் இது கஷாயத்துக்கு அடங்கும் சளியல்ல. இரவில் இருமல் தூங்கவிடாவிட்டால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் தனியாகக் கொடுங்கள். அவனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் தேன் அவனுக்குச் சரி, வீட்டு வைத்தியங்களில் இருமலுக்கு ஓரளவு சோதித்துப் பார்க்கப்பட்டதும் அதுதான். பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள்.

சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். வீட்டுக்கு வீடு அதன் கொள்ளளவு மாறும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். புது மூலிகை ஒன்றை முதன்முதலாகக் கொடுக்கும்போது அந்த ஒன்றை மட்டும், பாதி அளவில், பகலில் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று தெரியும். நான்கைச் சேர்த்துக் கொதிக்க வைத்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சீரகம், ஓமம், சுக்கு, பூண்டு, மஞ்சள் எல்லாம் சாப்பாட்டில் சேரும் அளவில் ஆறு மாதத்துக்குப் பிறகு படிப்படியாகச் சேர்க்கக்கூடியவை. கஞ்சியில் ஒரு சிட்டிகை சீரகப் பொடி என்பது உணவு. அதே சீரகத்திலிருந்து எண்ணெய் எடுத்துச் சொட்டு விட்டால் மருந்து. 'இயற்கைதானே' என்று சொல்லும் கணவரிடம் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள். ஜாதிக்காயும் இயற்கைதான்.

கற்பூரம், தைலம், புகை

கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், வலிப்பை வரவழைக்கும். சின்னக் குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து, வலிப்பு சில நிமிடங்களிலேயே தொடங்கக்கூடும். மிட்டாய் போல வெள்ளையாக இருப்பதால் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மூத்தவன் அந்த வயதில்தான் இருக்கிறான், கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வலிப்பு வந்தால் புரையேறும். 108-ஐ அழைத்து, மிச்சமிருக்கும் கட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். யூகலிப்டஸ் தைலம், மெந்தால் கலந்த களிம்புகளும் இந்த வகைதான். இரண்டு வயதுக்குள் மூக்கருகே தடவினால் மூச்சு நின்றுபோகக்கூடும்.

நெஞ்சில் தேய்த்தே ஆகவேண்டும் என்றால் வெறும் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் போதும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு. ஆவி பிடிக்க வைப்பது வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளை பாத்திரத்தைத் தட்டிவிட்டால் வெந்நீர்க் காயம்தான் மிஞ்சும். தலைக்கு ஊற்றியதும் காட்டும் சாம்பிராணிப் புகையைச் சளி, வீசிங் இருக்கும் நாளிலாவது நிறுத்துங்கள். முடியைத் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும்.

எப்போது மூலிகையைத் தொடவே கூடாது?

மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் கஷாயமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பதும் கூடாது. அது பெரியவர்களின் காமாலை போன்றதல்ல, ரத்தப் பரிசோதனை செய்து ஒளிச்சிகிச்சை தேவையா என்று பார்க்க வேண்டியது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்குத் திப்பிலி, மிளகு சேர்ந்த மருந்து மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். சங்குபுஷ்பி சேர்ந்த ஞாபகசக்தி டானிக் அதைக் குறைத்துவிடக்கூடும். பற்பம், செந்தூரம் போன்ற உலோகம், பாஷாணம் சேரும் மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவர் எழுதித் தராமல் எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். லேபிளில் உரிம எண்ணும் தயாரிப்பு எண்ணும் இல்லாத பொட்டலம் என்றால் வாங்கவே வேண்டாம்.

மூத்தவனுக்குச் சளி பிடித்த இரவில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை மூச்சை எண்ணுவது. அவன் அமைதியாகத் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு. சின்னவள் வயதில், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை, அந்த எல்லை 50. எண்ணிக்கை அதற்குக் கீழே இருந்தாலும் விலாவுக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் அந்த இரவிலேயே கிளம்புங்கள். கஷாயம் அல்லது உரை மருந்து கொடுத்திருந்தால் எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, உரசிய மிச்சத்தையும் எடுத்துப் போங்கள். பணியில் இருக்கும் மருத்துவர் திட்டுவாரோ என்று அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.